கப்பல் போயிடுச்சு, பெட்டி போச்சா? கன்ட்ரோல் டவர்ல வராத மெசேஜைப் பிடிக்கிற கதை

ஒரே புக்கிங்ல அஞ்சு கன்டெய்னர். டேஷ்போர்டுல அஞ்சும் பச்சை, வந்து சேரும்னு எதிர்பாக்குற நாள், அதாவது இடிஏ, 25-ஆம் தேதி, மேப்ல கப்பல் சின்ன அம்புக்குறியா நகர்ந்துக்கிட்டே இருக்கு. 25-ஆம் தேதி கப்பல் சொன்ன நேரத்துக்கு வந்துச்சு, 26-ல நாலு பெட்டி இறங்குன மெசேஜ் வந்துச்சு, அஞ்சாவதுக்கு மட்டும் ஒண்ணும் வரல. சரி டெர்மினல்காரன் லேட்டா அனுப்புவான்னு ஒரு நாள் விட்டோம். 27-ஆம் தேதி ஷிப்பிங் லைனுக்குப் போன் போட்டா, அந்தப் பெட்டி அந்தக் கப்பல்லயே ஏறலையாம், நடுவுல கப்பல் மாத்துற டிரான்ஷிப்மென்ட் போர்ட்லயே ஒரு வாரம் உக்காந்துட்டு அடுத்த கப்பல்ல வந்துக்கிட்டு இருக்காம். அதாவது பதினாறு நாளா எங்க ஸ்கிரீன்ல பெட்டியே இல்லாத ஒரு கப்பலைப் பாத்துட்டு இருந்திருக்கோம்.

கன்ட்ரோல் டவர்னா என்னன்னு கேட்டா பொதுவா எல்லாரும் சொல்றது, சரக்கை ஏத்திட்டு வர்ற எல்லா கேரியர்கிட்ட இருந்தும் வர்ற தகவலை ஒரே ஸ்கிரீன்ல காட்டுறது, தாமதம் ஆனா அலர்ட் அடிக்கிறதுன்னு. தப்பில்ல. ஆனா வேலை செஞ்சு பாத்தவங்களுக்குத் தெரியும், வந்த மெசேஜைக் காட்டுறது சுலபமான பாதி. கஷ்டமான பாதி என்னன்னா, வந்திருக்க வேண்டிய மெசேஜ் வரலன்னு கண்டுபிடிக்கிறது. அதுலயும் பெட்டி லேட்டா இல்ல பெட்டியைப் பத்தின தகவல் மட்டும் லேட்டான்னு பிரிச்சுச் சொல்றது. இந்த ஒரு விஷயத்தை மட்டும் இந்தப் பதிவுல கொஞ்சம் நிதானமா பாக்கலாம், மத்ததெல்லாம் வழில வந்தா தொட்டுட்டுப் போறேன்.

முதல்ல அந்தப் பெட்டி ஏன் பச்சையா இருந்துச்சுன்னு பாப்போம். காரணம் ரொம்பச் சாதாரணம். டேஷ்போர்டு பெட்டியோட இடிஏன்னு காட்டுனது உண்மையில பெட்டியோட இடிஏ இல்ல, கப்பலோட இடிஏ. புக்கிங் கன்ஃபர்மேஷன்ல எந்தக் கப்பல், எந்த வாயேஜ்னு இருக்கும், சிஸ்டம் அதை எடுத்து பெட்டியோட கட்டி வச்சுக்கும், அப்புறம் அந்தக் கப்பல் எங்க இருக்குன்னு, கப்பலே தன் இடத்தைச் சொல்லி அனுப்புற ஏஐஎஸ் சிக்னல் வழியா பாத்துக்கிட்டே இருக்கும். ஏஐஎஸ் நல்ல சோர்ஸ்தான், சர்வதேசப் பயணம் போற 300 கிராஸ் டன்னுக்கு மேல இருக்குற எல்லாக் கப்பலும் அந்தக் கருவியை வச்சிருக்கணும்னு கப்பல் பாதுகாப்புக்கான சர்வதேச சோலாஸ் விதியே சொல்லுது, கப்பலோட ஏழு இலக்க ஐஎம்ஓ நம்பரை வச்சு தேடுனா லைன் சொல்றதை நம்பாமலேயே கப்பல் எங்கன்னு பாத்துக்கலாம். ஆனா ஏஐஎஸ்க்கு கப்பல் தெரியும், அதுக்குள்ள எந்தப் பெட்டி இருக்குன்னு தெரியாது. கப்பல் சரியான நேரத்துல ஓடுனா பெட்டியும் சரியான நேரத்துல வருதுன்னு சிஸ்டமே முடிவு பண்ணிக்குது. பஸ் கரெக்ட் டைம்முக்கு ஸ்டாண்டுக்கு வந்துடுச்சு, ஆனா மாமா பஸ்லயே ஏறல, அந்தக் கதைதான்.

இப்போ அந்த டிரான்ஷிப்மென்ட்ல என்ன நடக்குதுன்னு பாருங்க. புறப்படுற போர்ட்ல இருந்து ஒரு சின்ன ஃபீடர் கப்பல் பெட்டியை எடுத்துட்டுப் போய் பெரிய போர்ட்ல இறக்கும், அங்க யார்ட்ல கொஞ்ச நாள் கிடக்கும், அப்புறம் மதர் வெசல்னு சொல்ற பெரிய கப்பல்ல ஏத்துவாங்க. ஃபீடர் லேட்டா வந்தா, இல்ல மதர் வெசல்ல இடம் இல்லாம போச்சுன்னா, இல்ல கப்பல் கிளம்ப வேண்டிய நேரம் வந்துடுச்சுன்னு லோடிங்கை பாதியில நிறுத்திட்டாங்கன்னா, சில பெட்டி யார்ட்லயே தங்கிடும். இதுக்கு ஃபீல்டுல 'ரோல் ஆயிடுச்சு'ன்னு சொல்லுவாங்க. ரோல் ஆனதை லைன்காரங்க மெயில் போட்டுச் சொல்றதும் உண்டு, சொல்லாம விடுறதும் உண்டு, பல நேரம் அவங்க சிஸ்டத்துல புது கப்பல் பேரை மாத்தி வச்சுட்டு அமைதியா இருந்துடுவாங்க. புக்கிங்ல அஞ்சு பெட்டி இருந்தா அஞ்சும் சேந்துதான் ரோல் ஆகணும்னும் இல்ல, யார்ட்ல அடுக்கி வச்சதுல ஒண்ணு மட்டும் எல்லாத்துக்கும் அடியில மாட்டிக்கிட்டா அது மட்டும் நின்னுடும். எங்களுக்கு நடந்தது அப்படித்தான்.

சரி, கேரியர் அனுப்புற மெசேஜ் எப்படி இருக்கும்? ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி. சிலர் பழைய எடிஃபாக்ட் `IFTSTA` ஃபைல் அனுப்புவாங்க, சிலர் எக்ஸ்12 `315`, சிலர் ஏபிஐ, இன்னும் சிலர் தினம் ஒரு எக்செல் ஷீட்டை மெயில்ல போடுவாங்க, அதுல நெடுவரிசைப் பேரு வாரத்துக்கு ஒரு தடவை மாறும். 2019-ல மெர்ஸ்க், எம்எஸ்சி, ஹாபாக்-லாய்ட், ஒன் ஆகிய நாலு பெரிய லைனும் சேந்து டிசிஎஸ்ஏன்னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சாங்க, அது கொண்டுவந்த டிராக் அண்ட் டிரேஸ் ஸ்டாண்டர்டுக்கு அப்புறம் வார்த்தையாவது ஒரு ஒழுங்குக்கு வந்துச்சு. அதுல பெட்டி இறங்குன மெசேஜோட முக்கியமான பகுதி இப்படி இருக்கும்:

```
{
  "eventType": "EQUIPMENT",
  "equipmentEventTypeCode": "DISC",
  "eventClassifierCode": "ACT",
  "emptyIndicatorCode": "LADEN",
  "eventDateTime": "…",
  "eventCreatedDateTime": "…"
}
```

இதுல ஒவ்வொரு வரியும் ஏன் இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டா பாதிப் பிரச்சினை தீரும். `DISC`னா கப்பல்ல இருந்து இறங்குச்சு, `LOAD`னா ஏறுச்சு, `GTIN`, `GTOT`னா கேட் உள்ள, கேட் வெளிய. `ACT`னா உண்மையிலயே நடந்துச்சு, `EST`னா எதிர்பாக்குறோம், `PLN`னா திட்டம். இந்த மூணையும் கலந்து ஒரே நெடுவரிசைல போட்ட டேஷ்போர்டை நான் பாத்திருக்கேன், திட்டமிட்ட லோடிங் தேதியை நடந்த லோடிங்னு காட்டிக்கிட்டு இருந்துச்சு, தேதி தாண்டுனதும் தானா டிக் மார்க் விழுந்துடும். யாருக்கும் சந்தேகமே வரல, ஏன்னா எல்லாம் சரியா நடக்குற மாதிரியே இருந்துச்சு.

`emptyIndicatorCode` இன்னொரு கண்ணி. `GTOT` மெசேஜ் ஒரு பயணத்துல ரெண்டு தடவை வரும். முதல் தடவை சரக்கு ஏத்துறதுக்காக காலிப் பெட்டியை டிப்போல இருந்து எடுக்கும்போது, ரெண்டாவது தடவை போய்ச் சேந்த ஊர்ல நிறைஞ்ச பெட்டியை போர்ட்ல இருந்து வெளிய எடுக்கும்போது. காலியா நிறைஞ்சதான்னு பாக்காம மேப்பிங் போட்டா, பயணம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே சரக்கு டெலிவரிக்குக் கிளம்பிடுச்சுன்னு டேஷ்போர்டு சொல்லும். சிரிப்பா இருக்கும், ஆனா புது கேரியரை கனெக்ட் பண்ற ஒவ்வொரு தடவையும் நான் முதல்ல செக் பண்றது இதைத்தான், அடுத்தது நேரம் உள்ளூர் நேரமா யூடிசியாங்கிறது. ஏத்துறதுக்கு முன்னாடியே கப்பல் கிளம்பிட்ட மாதிரி வரிசை மாறி வந்தா பெரும்பாலும் டைம்ஜோன் வேலைதான்.

கடைசி ரெண்டு வரிதான் இந்தக் கதைக்கு முக்கியம். `eventDateTime`னா சம்பவம் எப்போ நடந்துச்சு, `eventCreatedDateTime`னா அந்தச் சம்பவத்தை லைனோட சிஸ்டம் எப்போ பதிவு பண்ணுச்சு. இது கூட நம்ம சிஸ்டத்துக்கு எப்போ வந்து சேந்துச்சுங்கிற மூணாவது நேரத்தையும் நாமளே குறிச்சு வச்சுக்கணும், மெசேஜ் உள்ள வர்ற வாசல்லயே. நிறைய பேர் சம்பவ நேரத்தை மட்டும் வச்சுக்கிட்டு மத்ததைத் தூக்கிப் போட்டுடுறாங்க, அங்கதான் எல்லாம் போச்சு. ஏன்னா சம்பவ நேரத்துக்கும் வந்து சேந்த நேரத்துக்கும் நடுவுல இருக்குற இடைவெளிதான் அந்த கேரியரோட தகவல் எவ்வளவு சோம்பேறின்னு சொல்ற அளவுகோல். அது கையில இல்லாம மெசேஜ் இன்னும் வரலைங்கிறதுக்கு எந்த அர்த்தமும் கொடுக்க முடியாது.

இதை கேரியர் வாரியா, போர்ட் வாரியா, மெசேஜ் வாரியா தனித்தனியா கணக்குப் போடணும். ஒரே லைனோட `LOAD` மெசேஜ் ஒரு போர்ட்ல ரெண்டு மணிநேரத்துல வரும், இன்னொரு போர்ட்ல ஒரு நாள் ஆகும், ஏன்னா அங்க டெர்மினல் வேற, டெர்மினலுக்கும் லைனுக்கும் நடுவுல ஃபைல் போற வழி வேற, சில இடத்துல ஷிஃப்ட் முடிஞ்சு மொத்தமா அனுப்புவாங்க. சராசரி எடுக்காதீங்க, அது ஒண்ணுக்கும் உதவாது. நூறு மெசேஜ்ல தொண்ணூத்தஞ்சு எவ்வளவு நேரத்துக்குள்ள வந்துடுதுன்னு பாருங்க. எங்க கேஸ்ல அந்த லைனுக்கு அந்த டிரான்ஷிப்மென்ட் போர்ட்ல `LOAD` மெசேஜ் பாதிக்குப் பாதி 6 மணிநேரத்துல வந்துடும், நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு 26 மணிநேரத்துக்குள்ள வந்துடும்னு பழைய டேட்டால தெரிஞ்சுச்சு.

இது கையில இருந்தா ரூல் எழுதுறது சின்ன வேலை:

```
IF vessel.DEPA.ACT exists
AND box.LOAD.ACT missing
AND now > DEPA.time + p95_lag(carrier, port, LOAD)
THEN open ROLL_SUSPECT
```

தமிழ்ல சொன்னா, கப்பல் கிளம்பிட்டது உறுதி, பெட்டி ஏறுன தகவல் இல்ல, இந்த லைன் இந்த போர்ட்ல வழக்கமா எடுத்துக்கிற நேரமும் தாண்டிடுச்சு, அப்போ பெட்டி ஏறலன்னு சந்தேகப்படு. பெட்டி ஏறுறதுன்னா கப்பல் கிளம்புறதுக்கு முன்னாடிதான் ஏறியிருக்கணும், அதனால கப்பல் கிளம்புன நேரத்துல இருந்து எண்ண ஆரம்பிச்சா அதுவே ஒரு பத்திரமான கடைசி எல்லை. கப்பல் கிளம்புன மெசேஜே லைன்கிட்ட இருந்து வரலன்னா? அங்கதான் ஏஐஎஸ் உருப்படியா உதவுது, பெர்த்தை விட்டு கப்பல் நகர்ந்ததை அது சொல்லிடும். பெட்டியைப் பத்தி ஏஐஎஸ் பேசாதுன்னு மேல திட்டுனேன், ஆனா கடிகாரத்தை ஓடவிடுறதுக்கு அதை விட நல்ல ஆள் கிடையாது.

இந்த ரூலை எழுதுனதுக்கு அப்புறம் அந்த அஞ்சு பெட்டியோட பழைய மெசேஜையெல்லாம் எடுத்து, அப்போ எந்த நேரத்துல எது வந்துச்சோ அதே வரிசைல திரும்ப ஓட்டிப் பாத்தோம். ஃபீடர்ல இருந்து அஞ்சும் இறங்குன `DISC` 7-ஆம் தேதியே வந்திருக்கு. மதர் வெசல் 11-ஆம் தேதி ராத்திரி 10 மணிக்குக் கிளம்புச்சு. அதுக்கு முன்னாடியே மூணு பெட்டிக்கு `LOAD` வந்துடுச்சு. ரெண்டுக்கு வரல. 26 மணிநேரம் கூட்டுனா 12-ஆம் தேதி முடிஞ்சு நடுராத்திரி 12 மணி. அந்த நிமிஷம் ரூல் ரெண்டு பெட்டியையும் சந்தேக லிஸ்ட்ல தூக்கிப் போட்டுச்சு. அதாவது நாங்க 27-ல கண்டுபிடிச்சதை 13-ஆம் தேதி காலைல ஆபீஸ் வரும்போதே மேஜைல பாத்திருக்கலாம்.

ரெண்டு வாரம் முன்கூட்டித் தெரிஞ்சா என்ன லாபம்னு கேட்டீங்கன்னா, கணக்கைப் பாருங்க. கப்பல் 25-ல வந்து, கிளியரன்ஸ் முடிஞ்சு, 29-ஆம் தேதி ஃபேக்டரி வாசலுக்கு வரணும்ங்கிறது திட்டம். ஃபேக்டரியோட உற்பத்தி லைனுக்கு அந்தச் சரக்கு உண்மையில தேவைப்படுறது அடுத்த மாசம் 3-ஆம் தேதி. 30 நாள் மாசம், ஆக கையில நாலு நாள் இடைவெளி இருக்கு. ஏறாம நின்ன பெட்டி ஒரு வாரம் கழிச்சு அடுத்த கப்பல்ல வந்தா டெலிவரி 6-ஆம் தேதி. ஏழு நாள் தாமதம்ல நாலு நாளை இடைவெளி விழுங்கிடும், மிச்சம் மூணு நாள் குறை. இந்த மூணுதான் நெஜமான பிரச்சினை. மொத்தப் பெட்டியையும் ஃப்ளைட்ல கொண்டுவர வேண்டியதில்ல, மூணு நாளுக்குத் தேவையான சரக்கு மட்டும் கிடைச்சாப் போதும், அது ரெண்டு பேலட். 13-ஆம் தேதி தெரிஞ்சிருந்தா சப்ளையர்கிட்ட ரெண்டு பேலட் கூடுதலா கேட்டு, சாவகாசமா மத்தவங்க சரக்கோட சேத்து அனுப்புற கன்சாலிடேஷன்ல சாதாரண ஏர் ரேட்ல அனுப்பியிருக்கலாம், இல்ல வேற குடோன்ல இருந்து மாத்தியிருக்கலாம், இல்ல பிளானிங்ல சொல்லி அந்த மூணு நாளுக்கு வேற ஐட்டத்தை ஓட்டச் சொல்லியிருக்கலாம். 27-ல தெரிஞ்சதால கைல ஒரு வாரம் கூட இல்ல, சப்ளையர்கிட்ட ரெடி ஸ்டாக்கும் இல்ல, கடைசியில எக்ஸ்பிரஸ்ல கொண்டுவந்தோம், அதுக்கு எவ்வளவு ஆச்சுங்கிறதை ஃபைனான்ஸ்காரங்க இன்னமும் மீட்டிங்ல சொல்லிக்காட்டுவாங்க.

இங்க இன்னொரு விஷயம் கவனிச்சீங்களா, திட்டம் தவறுன கேஸ், அதாவது எக்செப்ஷனோட சீரியஸ்னஸ் எத்தனை நாள் தாமதம்ங்கிறதுல இல்ல, தாமதத்துல இருந்து இடைவெளியைக் கழிச்சா மிஞ்சுறதுலதான் இருக்கு. ஒன்பது நாள் லேட்டான பெட்டி, ஆனா குடோன்ல மூணு வாரத்துக்கு ஸ்டாக் இருக்கு, அதை யாரும் தொட வேண்டாம். ஒரு நாள் லேட்டான பெட்டி, நாளைக்கு உற்பத்தி லைன் நிக்கும், அது சிவப்பு. நிறைய டேஷ்போர்டு 'ரெண்டு நாளுக்கு மேல தாமதம்னா சிவப்பு'ன்னு ஒரே கோட்டைப் போட்டு வச்சிருக்கும், ஏன்னா தேவைத் தேதி வேற சிஸ்டத்துல இருக்கு, அதைக் கொண்டுவந்து பெட்டிக்குள்ள என்ன ஐட்டம் இருக்குங்கிறதோட சேக்குறது தலைவலி பிடிச்ச வேலை. பெட்டி நம்பர்ல இருந்து சப்ளையர் முன்கூட்டி அனுப்புற சரக்கு விவரமான ஏஎஸ்என், ஏஎஸ்என்ல இருந்து பர்ச்சேஸ் ஆர்டர் வரி, அதுல இருந்து ஸ்டாக் கணக்குன்னு மூணு இணைப்பு வேணும், அதுல எங்கயாவது ஒண்ணு அறுந்திருக்கும். ஆனா இந்த இணைப்பு இல்லாம டவர் என்ன சிவப்பு காட்டுனாலும் அது வெறும் கலர்தான்.

அப்புறம் திட்டம் மாறுற கூத்து. பெட்டி ரோல் ஆனதும் லைன் சிஸ்டத்துல புது கப்பல், புது தேதி போட்டுடுவாங்கன்னு சொன்னேன்ல, ஏபிஐ வழியா அது நம்மகிட்டயும் வரும், நம்ம சிஸ்டம் பழைய திட்டத்து மேலயே அதை எழுதிடும், அப்புறம் புது திட்டத்தோட ஒப்பிட்டுப் பாத்தா தாமதம் பூஜ்யம், திரும்பவும் பச்சை. வருஷக் கடைசியில அந்த லைனோட ஆன்-டைம் கணக்கைப் பாத்தா பிரமாதமா இருக்கும். அதனால புக்கிங் உறுதியானப்போ சொன்ன தேதியை ஒரு தடவை ஃப்ரீஸ் பண்ணி வைக்கணும், அதை எந்த அப்டேட்டும் தொடக்கூடாது. இப்போதைய திட்டம் பக்கத்துல தனி நெடுவரிசையா ஓடட்டும். அந்த ரெண்டுக்கும் நடுவுல கப்பல் பேரு மாறுனாலே அது ஒரு எக்செப்ஷன்தான், தேதி மாறாட்டி கூட.

சந்தேக லிஸ்ட்ல வந்ததுக்கு அப்புறம் மனுஷன் என்ன பண்ணணும்? இங்க நிறைய பேர் பண்ற தப்பு, லைனுக்கு 'ப்ளீஸ் அட்வைஸ் ஸ்டேட்டஸ்'னு மெயில் போடுறது. அதுக்கு வர்ற பதில் அவங்க வெப்சைட்ல இருக்குற அதே ஸ்கிரீன்ஷாட்தான், நம்மகிட்ட இருக்குற அதே தப்பான தகவல் ரவுண்ட் அடிச்சுட்டு வரும். கேள்வி ஆமா இல்லன்னு பதில் சொல்ற மாதிரி இருக்கணும்: 'இந்தப் பெட்டி 11-ஆம் தேதி கிளம்புன கப்பலோட லோட் லிஸ்ட்ல இருக்கா இல்லையா, இல்லன்னா இப்போ எந்தக் கப்பலுக்கு நாமினேட் ஆகியிருக்கு?' மெயில் போடுறதுக்கு முன்னாடியே சில டெர்மினலோட வெப்சைட்ல பெட்டி நம்பரைப் போட்டா யார்ட்ல இருக்கா இல்லையான்னு நேரடியா தெரியும், அது லைனைத் தாண்டின தனி சாட்சி, ரெண்டு நிமிஷ வேலை. பெட்டி நம்பரை கையால டைப் பண்றப்போ ஒரு விஷயம் கவனிக்கணும், அது நாலு எழுத்து ஏழு எண், அதுல கடைசி எண் ஐஎஸ்ஓ 6346 படி செக் டிஜிட், முன்னாடி இருக்குற பத்தையும் வச்சு கணக்குப் போட்டு வர்றது. உள்ள வர்ற மெசேஜ்லயும் அந்தக் கணக்கைப் போட்டுப் பாத்தா தப்பா டைப் ஆன நம்பர்ல பெரும்பகுதி வாசல்லயே நின்னுடும். சில சமயம் மெசேஜ் வரலைன்னு நாம அலையுறோம், அது வந்திருக்கும், ஆனா ஒரு எண் மாறி யாருக்குமே சேராத மெசேஜா ஒரு மூலைல கிடக்கும். அந்த அநாதை மெசேஜ் மூலையை தினம் ஒரு தடவை பாக்குறதுக்கு ஒரு ஆள் வேணும்.

எக்செப்ஷனை எப்போ மூடுறதுங்கிறதும் சண்டை வர்ற இடம். லைன்காரர் போன்ல 'ஏறிடுச்சு சார், அப்டேட் ஆகல அவ்வளவுதான்'னு சொன்னா மூடிடலாமா? நான் மூட மாட்டேன். அவர் பொய் சொல்றார்னு இல்ல, அவரும் அதே ஸ்கிரீனைப் பாத்துதான் சொல்றார். `LOAD` மெசேஜ் வரணும், இல்ல டெர்மினல் சைட்ல கப்பல்ல ஏறுனதா காட்டணும், இல்ல அடுத்த கப்பலோட உறுதியான புக்கிங் வந்து பிளானர் புது தேதியை ஏத்துக்கணும். இந்த மூணுல ஒண்ணு நடந்தாத்தான் மூடல். அதுவரைக்கும் ஒரு ஆள் பேரு அது மேல இருக்கணும். டீம் பேரு போட்டா அது யாரோட வேலையும் இல்ல.

அலர்ட் வெள்ளத்தைப் பத்தி ரொம்ப எழுதலாம், சுருக்கமா முடிக்கிறேன். ஒரு கப்பல் புயலுக்கு ஒதுங்குனா அதுல நம்ம பெட்டி அறுபது இருந்தா அறுபது அலர்ட் வரக்கூடாது, கப்பலுக்கு ஒரு எக்செப்ஷன், அதுக்குக் கீழ தேவைத் தேதி உடையுற பெட்டி மட்டும் லிஸ்டா வரணும். அதே மாதிரி இடிஏ ரெண்டு மணிநேரம் முன்ன பின்ன ஆடுறதுக்கெல்லாம் அலர்ட் அடிச்சா ஒரே வாரத்துல எல்லாரும் அந்த மெயிலுக்கு ஃபில்டர் போட்டு தனி ஃபோல்டருக்குத் தள்ளிடுவாங்க. அதுக்கப்புறம் நெஜமான அலர்ட்டும் அதே ஃபோல்டர்லதான் போய் விழும். இடைவெளி பாசிட்டிவ்ல இருந்து நெகட்டிவுக்குப் போறப்போ ஒரு தடவை சொன்னாப் போதும், அதுக்குள்ள நடக்குற ஆட்டத்தை டவர் தனக்குள்ளயே வச்சுக்கட்டும்.

கப்பல்லதான் இவ்வளவு பொறுமை. ரோட்ல இதே யோசனை, ஆனா கடிகாரம் வேற. லாரில ஜிபிஎஸ் பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை பிங் அடிக்கும்னா ஒரு மணிநேர அமைதியே சந்தேகம்தான், அதுவும் டிரைவர் போனை அணைச்சுட்டாரா, சிக்னல் இல்லாத ரோடா, இல்ல வண்டியே நின்னுடுச்சான்னு பிரிக்கணும். அங்க வேற மாதிரி ஏமாத்தும். குடோனைச் சுத்தி மேப்ல வட்டம் போட்டு வண்டி அதுக்குள்ள வந்தா 'வந்துடுச்சு'ன்னு எடுத்துக்கிறது வழக்கம், வட்டம் பெருசா இருந்தா பக்கத்து ஹைவேல சும்மா கடந்து போற வண்டி கூட வந்து சேந்ததா பதிவாகும், வாசலுக்கு வெளிய கியூல நாலு மணிநேரம் நிக்கிற வண்டியும் வந்து சேந்ததாவே இருக்கும். கேட்ல கொடுக்குற டோக்கன் நேரத்தோட ஒப்பிட்டுப் பாத்தாத்தான் தெரியும். கேரியர் நிறைய இருக்குற ஷிப்பருக்கு இன்னொரு தொல்லை, வேலையை எடுத்த கேரியர் இன்னொருத்தருக்கு அதைக் கைமாத்தி விடுவார், அந்த வண்டி நம்ம சிஸ்டத்துல கனெக்டே ஆகியிருக்காது. அப்போ அமைதிங்கிறது தாமதமும் இல்ல, சோம்பேறித்தனமும் இல்ல, ஆரம்பத்துல இருந்தே காது இல்லாத இடம். அதுக்கு எக்செப்ஷன் ரூல் உதவாது, வண்டி நம்பர் புக்கிங்ல வந்த உடனே அது கனெக்ட் ஆன வண்டியான்னு பாக்குற ஒரு செக் வேணும், வண்டி கிளம்புறதுக்கு முன்னாடியே.

திரும்ப அந்த அஞ்சு பெட்டிக்கு வர்றேன். ரூல் சந்தேகப்பட்ட ரெண்டுல ஒண்ணுதான் நெஜமா நின்னுது. நாலாவது பெட்டிக்கு `LOAD` மெசேஜ் 13-ஆம் தேதி காலை 7:20-க்கு வந்திருக்கு, சம்பவ நேரம் 11-ஆம் தேதி மத்தியானம் 2:20. பெட்டி நேரத்துக்கு ஏறிடுச்சு, தகவல் மட்டும் 41 மணிநேரம் எங்கயோ தூங்கியிருக்கு. ரூல் அதை நடுராத்திரி திறந்து, காலைல ஆள் வர்றதுக்கு முன்னாடியே தானா மூடிடுச்சு, யாரும் போன் பண்ண வேண்டியதில்ல. அஞ்சாவது மட்டும் லிஸ்ட்ல மிஞ்சுச்சு. இதைப் பாத்துட்டு டீம்ல ஒருத்தர், 26-ஐ 48 ஆக்கிடலாமே, பொய் அலர்ட் குறையுமேன்னு கேட்டார். ஆக்கல. தேவையில்லாம ஒரு டெர்மினல் சைட்டைத் திறந்து பாக்குறதுக்கு ரெண்டு நிமிஷம், ஆனா அந்தக் கூடுதல் 22 மணிநேரத்துல போறது ஒரு முழு வேலை நாள். அந்த 41-ஐ மட்டும் லைனோட டேபிள்ல சேத்துட்டோம், அடுத்த மாச ரிவ்யூல அவங்ககிட்ட அந்த வரியைத்தான் முதல்ல காட்டுனோம்.